வெயிட் அதிகமா இருக்கவங்க முட்டியைக் கெடுக்காம ஓட ஆரம்பிக்கறது எப்படி? அடிக்கடி கேக்கற கேள்விகள்

எனக்கு 108 கிலோ. மூச்சு வாங்கினாலும் ஒரு கிலோமீட்டர் நிக்காம ஓடிடறேன். அப்புறம் எதுக்கு முதல்ல நடக்கச் சொல்றாங்க?

மூச்சு தாங்குறது வேற, கால் தாங்குறது வேற. இதயமும் நுரையீரலும் ரொம்ப சீக்கிரம் பழகிக்கும், ரெண்டு மூணு வாரத்துலயே "அட பரவால்லயே"ன்னு தோணும். சதை அதுக்கு அடுத்து. ஆனா சதையை எலும்போட கட்டி வச்சிருக்கற தசைநாண் இருக்கே, குதிகாலுக்குப் பின்னாடி கயிறு மாதிரி தட்டுப்படுமே அது மாதிரி சமாச்சாரம், அதுக்கும் எலும்புக்கும் மாசக்கணக்குல டைம் வேணும். எலும்பு எப்படி வலுவாகுதுன்னா, புது பாரம் வந்தா முதல்ல பழைய எலும்பைக் கொஞ்சம் அரிச்சு எடுத்துட்டு அப்புறம்தான் அந்த இடத்துல புதுசா கட்டும், அது இறுக மூணு மாசம் மாதிரி ஆகும். நடுவுல சில வாரம் அந்த இடம் முன்ன இருந்ததை விட வீக்கா இருக்கும். சரியா அந்த நேரத்துலதான் நமக்கு மூச்சு செட் ஆகி உற்சாகம் தலைக்கேறி தூரத்தைக் கூட்டுவோம்.

நான் முதல் தடவை அப்படித்தான் மாட்டினேன். 112 கிலோ, முதல் நாளே ஜாகிங், மூணாவது வாரம் முட்டிக்குக் கீழ முன்னாடி எலும்பு ஓரமா ஆரம்பிச்ச வலி நடக்கவே விடல, ரெண்டு மாசம் வீட்ல உக்காந்தேன். ரெண்டாவது தடவை நடந்துட்டு ஆரம்பிச்சேன். கீழ சொல்றது பெரும்பாலும் அந்த ரெண்டாவது தடவை கதைதான்.

நடக்கறதுக்கும் ஓடறதுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

நடக்கும்போது எப்பவுமே ஒரு கால் தரையில இருக்கும். ஓடும்போது ஒரு நொடி ரெண்டு காலும் காத்துல இருந்துட்டு மொத்த உடம்பும் ஒரே கால்ல இறங்கும். நடையில தரை நம்மள திருப்பித் தள்ளுற விசை உடம்பு எடையை விட கொஞ்சம்தான் கூட, சுமாரா 1.2 மடங்கு. ஓட்டத்துல அது 2 முதல் 3 மடங்கு. 108 கிலோ ஆளுக்கு நடையில ஒவ்வொரு அடிக்கும் 130 கிலோ மாதிரின்னா மெதுவா ஓடினாலே 250, 270 கிலோ மாதிரி வரும். இது பாதத்துக்குக் கீழ தரையில அளந்த கணக்கு, முட்டிக்குள்ளயும் குதிகால் தசைநாண்லயும் இதை விட ரொம்ப அதிகமா வரும், ஏன்னா சதையும் சேர்ந்து மூட்டை இறுக்கிப் பிடிக்குது.

அதனால கிலோமீட்டரை எண்ணாதீங்க, எத்தனை தடவை கால் இறங்குதுன்னு எண்ணுங்க. நிமிஷத்துக்கு 160 அடின்னு வச்சா 20 நிமிஷ ஓட்டம் 3,200 அடி, ஒரு காலுக்கு 1,600. மூணு நிமிஷம் மட்டும் ஓடினா 480, ஒரு காலுக்கு 240. ஆரம்பத்துல நமக்கு வேண்டியது இந்த 240தான்.

ஓடினா முட்டி தேய்ஞ்சுடும்னு வீட்ல எல்லாரும் பயமுறுத்துறாங்க, உண்மையா?

பொதுவா ஓடறவங்களைப் பத்தி சொன்னா இல்ல. 2017ல நிறைய ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க. இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் உடம்புக்காக சும்மா ஓடறவங்கள்ல 3.5 சதவீதம், ஓடாம உக்காந்தே இருக்கறவங்கள்ல 10.2 சதவீதம், போட்டிக்குன்னு ஓடறவங்கள்ல 13.3 சதவீதம். ஆனா இதை வச்சு "அப்ப எனக்கும் ஒண்ணும் ஆகாது"ன்னு குதிக்காதீங்க, அந்த சும்மா ஓடறவங்க கூட்டத்துல பெரும்பாலும் ஒல்லியானவங்கதான் இருப்பாங்க, அதோட முட்டி வலிச்சவங்க பாதியிலயே ஓட்டத்தை விட்டிருப்பாங்க. குருத்தெலும்புக்கு அளவான பாரம் நல்லது, திடீர் பாரம்தான் பிரச்சனை, இந்த அளவுக்கு எடுத்துக்கலாம்.

ஏற்கனவே முட்டி வீங்குது, மடக்கினா மாட்டிக்குது, தேய்மானம்னு டாக்டர் சொல்லிட்டார்னா இந்தப் பக்கத்தைப் பாத்து ஆரம்பிக்காதீங்க, அவரைக் கேட்டுட்டு வாங்க. பிபி, சுகர், நெஞ்சு இறுக்கம் இருக்கறவங்களும் அப்படித்தான்.

சரி நடக்கறேன். எவ்வளவு, எத்தனை நாள்?

வாரத்துக்கு நாலஞ்சு நாள், முதல் வாரம் 20 நிமிஷம், அப்புறம் வாரம் அஞ்சு நிமிஷம் கூட்டி 40 வரைக்கும் போங்க. மொத்தம் ஆறு வாரம். இப்ப சுத்தமா நடக்காதவங்கன்னா எட்டு.

முதல் மூணு வாரம் ஸ்பீடு பத்தி கவலையே வேணாம். நாலாவது வாரத்துல இருந்து நடுவுல வேக நடை சேருங்க, மூணு நிமிஷம் வேகமா ரெண்டு நிமிஷம் சாதாரணமா. வேகம்னா எவ்வளவுன்னா பேச முடியணும் பாட முடியக்கூடாது. இங்க எல்லாரும் பண்ற தப்பு, வேகமா நடக்க காலை எட்டி எட்டி வைக்கிறது. அப்படி வச்சா குதிகால் முன்னாடி போய் டங்குனு குத்தும், ஷின் வலி, அதாவது முட்டிக்குக் கீழ முன்னாடி எலும்பு ஓரமா வர்ற வலி, அங்கயே ஆரம்பிச்சுடும். அடியை சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்க, கையை மடக்கி வீசினா கால் தானா வேகமாகும்.

நடக்கற வாரங்கள்லயே கெண்டைக்கால் சதைக்கு ஒரே ஒரு எக்சர்சைஸ் சேர்த்துக்கோங்க. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு குதிகாலையும் தூக்கி மெதுவா இறக்கறது, 12 தடவை மூணு செட், வாரத்துல மூணு நாள். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கால்ல பண்ணப் பாருங்க. ஓட்டத்துல அதிகம் அடி வாங்குற சதை இதுதான், தொடை இல்ல. இதோட சேர்ல உக்காந்து கையை ஊனாம எழுந்திரிக்கறது 10 தடவை. ஜிம்மெல்லாம் இப்போதைக்கு வேணாம்.

ஓடறதுக்கு ரெடி ஆயிட்டேன்னு எப்படித் தெரியும்?

காலண்டரைப் பாக்காதீங்க, காலைப் பாருங்க. ஒரே வாரத்துல மூணு தடவை 40 நிமிஷம் வேகமா நடந்தும் மறுநாள் காலைல எந்த மூட்டும் கடுக்கக்கூடாது. படி இறங்கும்போது முட்டிச்சில்லுக்குப் பின்னாடி வலி இருக்கக்கூடாது. ஒத்தக்கால்ல 30 செகண்ட் ஆடாம நிக்க முடியணும், ஒத்தக்கால்ல குதிகாலை 10 தடவையாவது முழுசா தூக்க முடியணும். கடைசி ஒண்ணுலதான் எல்லாரும் தோப்பாங்க. எனக்கு இடது காலுக்கு ஆறாவது வாரத்துல நாலு தடவைதான் வந்துச்சு, அதுக்காகவே இன்னும் மூணு வாரம் நடந்தேன்.

முதல் நாள் ஜாகிங் எப்படிப் பண்ணணும்? முழு ப்ளானா சொல்லுங்க.

வாரம் மூணு நாள், நடுவுல கண்டிப்பா ஒரு நாள் கேப். 10 நிமிஷம் நடந்து சூடாகணும். அப்புறம் 30 செகண்ட் ஜாகிங், 2 நிமிஷம் நடை, இது ஆறு தடவை. கடைசியா 5 நிமிஷம் மெதுவா நடந்து முடிங்க. மொத்த ஓட்டம் மூணு நிமிஷம்தான், ஒரு காலுக்கு மேல சொன்ன அந்த 240 அடி. சிரிப்பு வரும், வரட்டும். 30 செகண்ட் முடிஞ்சதும் மூச்சு வாங்காதுதான், மூச்சு வாங்கி நிக்கறதுக்காக நடைக்கு மாறல, கால் பாரத்தை இறக்கி வைக்க மாறுறோம். அதனால களைப்பாகற வரைக்கும் ஓடிட்டு அப்புறம் நடக்கறதும் இதுவும் ஒண்ணு இல்ல, களைப்புக்கு முன்னாடியே நடக்கணும், ஏன்னா சதை களைச்சதும் அடி கனமா விழ ஆரம்பிக்கும். இந்த ஓட்டம்-நடை முறையை பெரிசா பிரபலப்படுத்தினவர் ஜெஃப் கேலவே, 1972 ஒலிம்பிக்ல 10,000 மீட்டர் ஓடின ஆள், அவரே நடந்து நடந்து ஓடச் சொல்றார்னா நமக்கென்ன வெக்கம்.

108 கிலோவுல ஆரம்பிக்கற ஒருத்தருக்கு நான் போட்டுத் தர்ற கணக்கு இப்படி இருக்கும். ரெண்டாவது வாரம் அதே 30 செகண்ட், எட்டு தடவை, மொத்தம் 4 நிமிஷம். மூணாவது வாரம் 45 செகண்ட் எட்டு தடவை, 6 நிமிஷம். நாலாவது வாரம் கூட்டறது இல்ல, திரும்ப முதல் வாரத்துக்கே இறங்கணும், எலும்பு வீக்கா இருக்கற நேரம்னு சொன்னேனே அதுக்குத்தான். அஞ்சும் ஆறும் 1 நிமிஷ ஓட்டம் 2 நிமிஷ நடை, எட்டு தடவை. ஏழாவது வாரம் ஒன்றரை நிமிஷம் ஆறு தடவை, எட்டுல மறுபடி இறக்கம். ஒம்பதும் பத்தும் 2 நிமிஷம் ஓடி 2 நிமிஷம் நடந்து ஆறு தடவை, பதினொண்ணு 3 நிமிஷம் அஞ்சு தடவை, பன்னெண்டு இறக்கம். மூணு மாசத்துல ஒரு நாளைக்கு 15 நிமிஷ ஓட்டம் வந்திருக்கும், 20 நிமிஷம் நிக்காம ஓட அஞ்சாறு மாசம்னு வச்சுக்கோங்க. "ஒம்பதே வாரத்துல அஞ்சு கிலோமீட்டர்" ப்ளான் எல்லாம் தப்புன்னு சொல்லல, ஒவ்வொரு வாரத்தையும் ரெண்டு தடவை பண்ணினா நமக்கு சரியா வரும்.

ஒரு வாரம் சரியா வரலன்னா அதையே திரும்பப் பண்ணுங்க. தூரமும் வேகமும் ஒரே வாரத்துல கூட்டவே கூடாது. முதல் மூணு மாசம் வேகத்தைத் தொடவே வேணாம்.

ஜாகிங்ல எவ்வளவு மெதுவா போகணும்? பக்கத்துல நடக்கறவங்களே என்னைத் தாண்டிப் போறாங்க...

போகட்டும். அந்த ஸ்பீடுதான் சரி. முழு வாக்கியமா பேச முடியாட்டி வேகம் அதிகம்.

ஸ்டைல்ல ஒரே ஒரு விஷயம் கவனிச்சா போதும், அடி சின்னதா இருக்கணும், பாதம் இடுப்புக்கு நேர் கீழ விழணும். நிமிஷத்துக்கு எத்தனை அடி வைக்கறீங்களோ அந்த சாதாரண எண்ணிக்கையை விட 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முட்டிக்கு வர்ற பாரம் குறையுதுன்னு 2011ல இருந்தே அளந்து காட்டியிருக்காங்க. அரை நிமிஷம் வலது கால் இறங்கறதை எண்ணுங்க, 38 வந்துச்சுன்னா ரெண்டு காலும் சேர்த்து நிமிஷத்துக்கு 152, அதை 40, 41 ஆக்கினா போதும். 180தான் கரெக்ட்னு எங்கயோ படிச்சுட்டு அதைத் துரத்தாதீங்க. முன்பாதத்துல ஓடுன்னு சொல்றதையும் கேக்காதீங்க, முட்டிக்குக் குறையற பாரம் அப்படியே குதிகால் தசைநாணுக்குப் போகும், வெயிட்டான ஆளுக்கு அது ரொம்ப மோசமான பண்டமாற்று.

ரோட்டுல ஓடினா முட்டி போயிடும், மண்ணுலயும் புல்லுலயும்தான் ஓடணும்னு சொல்றாங்களே?

பாதி சரி. நம்ம கால் ஒரு ஸ்பிரிங் மாதிரி, தரை மெத்துனு இருந்தா சதை தானா இறுக்கமாகும், தரை கெட்டியா இருந்தா தானா தளரும். அதனால சிமெண்டு தரைக்கும் தார் ரோட்டுக்கும் புல்லுக்கும் முட்டிக்குள்ள வர்ற வித்தியாசம் நாம நினைக்கற அளவு இல்ல. வெயிட்டான புது ஆளுக்கு நான் கெட்டியான தரையை விட மேடு பள்ளத்துக்குத்தான் அதிகம் பயப்படுவேன். புல்லுக்குள்ள குழி தெரியாது, கணுக்கால் பிரண்டா ரெண்டு மாசம் போச்சு.

மணல் வேணவே வேணாம், கடற்கரை மணல்ல குதிகால் புதைஞ்சு தசைநாண் முழுசா இழுபடும், தண்ணி ஓரமா கெட்டியா இருக்கற மணல் சாய்வா இருக்கும். சாய்வுதான் யாரும் யோசிக்காத வில்லன். மழைத்தண்ணி ஓட ரோட்டு ஓரத்தை சரிவா போட்டிருப்பாங்க, தினமும் அதே பக்கமா ஓடினா ஒரு கால் எப்பவும் பள்ளத்துலயே இறங்கும், ஒரு பக்க இடுப்பு, முட்டியோட வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். ஒரு கால் மட்டும் வலிச்சா முதல்ல இதைச் சந்தேகப்படுங்க. கிரவுண்டைச் சுத்தறவங்களும் ஒரு நாள் இடமா ஒரு நாள் வலமா சுத்துங்க.

இறக்கத்துல ஓடாதீங்க, நடந்து இறங்குங்க. முட்டிச்சில்லுக்கு வர்ற பாரம் அங்கதான் எகிறும். ஏத்தத்துல மோதல் கம்மி, மூச்சு நல்லா வாங்கும், அதனால நடை நாட்கள்ல சின்ன ஏத்தம் சேர்த்துக்கலாம், கெண்டைக்கால் இறுகினா விட்டுடுங்க. என் சாய்ஸ் என்னன்னா சமமா இருக்கற இறுகின மண் பாதை, அது இல்லன்னா ரன்னிங் ட்ராக், அதுவும் இல்லன்னா வண்டி வராத தார் ரோடு. எதுவா இருந்தாலும் திடீர்னு மாத்தாதீங்க. ரெண்டு மாசம் ட்ராக்ல ஓடிட்டு ஒரே நாள்ல முழுசா ரோட்டுக்கு வந்தா கால் கேக்கும்.

ட்ரெட்மில்?

தாராளமா. சமமா இருக்கும், பலகை கொஞ்சம் அமுங்கும், ஸ்பீடு நம்ம கையில. வாங்கறதுக்கு முன்னாடி எவ்வளவு எடை தாங்கும்னு எழுதியிருக்கறதைப் பாருங்க, உங்க எடைக்கு மேல 20, 30 கிலோவாவது இருக்கட்டும். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஓடாதீங்க.

எந்த ஷூ வாங்கறது? நல்லா குஷனா இருந்தா முட்டிக்கு நல்லதா?

குஷன் பத்தி ஒரு ஆச்சரியமான விஷயம். லக்சம்பர்க்ல 848 பேருக்கு வெளிய ஒரே மாதிரி தெரியற ஷூவைக் கொடுத்தாங்க, பாதிப் பேருக்கு மெத்து, பாதிப் பேருக்கு கெட்டி, யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. 2020ல முடிவு வந்துச்சு. மொத்தமா பாத்தா கெட்டி ஷூ போட்டவங்களுக்கு அடிபடறது அதிகம். ஆனா எடை வச்சுப் பிரிச்சப்ப, மெத்து ஷூவால பலன் கிடைச்சது எடை கம்மியானவங்களுக்குத்தான், எடை அதிகமானவங்களுக்கு ரெண்டுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியல! நமக்காகத்தான் குஷன்னு கடையில சொல்லி விக்கறது அவ்வளவு நேரான கதை இல்ல.

அதனால நான் பாக்கறது, ஃபோம் இருக்கணும் ஆனா அமுங்கி ஒரு பக்கம் சாயக்கூடாது. கடையில போட்டுட்டு ஒத்தக்கால்ல நில்லுங்க, கணுக்கால் உள்பக்கமோ வெளிப்பக்கமோ தள்ளாடினா அந்த ஷூ உங்க எடைக்கு ரொம்ப மெத்து. அடிப்பாகம் அகலமா இருக்கணும், குதிகால் பக்கம் மேல விட கீழ அகலமா இருந்தா நல்லது. பின்னாடி குதிகாலைப் பிடிக்கற கப்பைக் கட்டைவிரலால அமுக்கினா மடங்கக்கூடாது.

அடுத்தது குதிகால் உயரம், அதாவது முன்பாதத்தை விடப் பின்னாடி எவ்வளவு உசரம்னு. அதுக்கு ட்ராப்னு பேரு, 8 முதல் 12 மில்லிமீட்டர்னு எழுதியிருக்கறதை எடுங்க. ட்ராப் கம்மியான ஷூவுல முட்டிக்குப் பாரம் குறையலாம், ஆனா அது கெண்டைக்காலுக்கும் தசைநாணுக்கும் போயிடும், நம்ம கிட்ட இன்னும் பழகாத இடமே அதுதான். கார்பன் தகடு வச்ச ரேஸ் ஷூ நமக்கு இல்ல.

சைஸ்லதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. சாயந்திரமா போங்க, பாதம் அப்பதான் வீங்கி நிஜ சைஸ்ல இருக்கும், ஓடறப்ப போடற சாக்ஸையே போட்டுட்டுப் போங்க. நின்னு பாக்கும்போது நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். எடை கூடினா பாதமும் விரிஞ்சிருக்கும், அதுக்காக நீளமான சைஸ் வாங்காதீங்க, அதே நீளத்துல அகலம் கூடின மாடல் கேளுங்க, ஆம்பளைங்க ஷூவுல 2E, 4E ன்னு போட்டிருக்கும். கடைசியா, போட்டதும் சுகமா இருக்கணும். "போகப் போக சரியாகிடும்"னு சொன்னா வெளிய வந்துடுங்க.

எனக்கு ஃப்ளாட் ஃபுட், அதுக்குன்னு ஸ்பெஷல் ஷூ எடுக்கணுமா?

பாதத்தோட வளைவைப் பாத்து ஷூ கொடுத்தா அடிபடறது குறையுமான்னு அமெரிக்க ராணுவத்துல பயிற்சிக்கு வந்தவங்கள வச்சே பெரிசா பாத்தாச்சு, எல்லாருக்கும் ஒரே ஷூ கொடுத்ததுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. பாதம் வலிக்காத வரைக்கும் விடுங்க. வலிக்குதுன்னா பாத டாக்டரைப் பாருங்க, கடைக்காரரை இல்ல.

ஷூ எப்ப மாத்தணும்?

பொதுவா 500 முதல் 800 கிலோமீட்டர்னு சொல்வாங்க, நம்ம எடைக்கு 500க்கு முன்னாடியே செக் பண்ண ஆரம்பிங்க, நடந்த தூரமும் கணக்குலதான். டேபிள் மேல வச்சுப் பின்னாடி இருந்து பாருங்க, ஒரு பக்கம் சாஞ்சிருந்தா அவ்வளவுதான். ஃபோம்ல குறுக்கு சுருக்கம் விழுந்து அமுக்கினா திரும்பி வராமப் போறது இன்னொரு அடையாளம். அடி ரப்பர் புதுசா இருக்கேன்னு ஏமாறாதீங்க, ஃபோம் முதல்ல சாகும். நடைக்கும் ஆபீசுக்கும் வேற ஷூ போட்டா இது ரொம்ப நாள் வரும்.

தொடை உரசி எரியுது.

முட்டி வரைக்கும் ஒட்டின ஷார்ட்ஸ், இல்லன்னா கிளம்பறதுக்கு முன்னாடி வாசலின். காட்டன் வேணாம், ஈரமானா இன்னும் அரைக்கும்.

எந்த வலியோட ஓடலாம், எந்த வலில நிறுத்தணும்?

பத்துக்கு மார்க் போடுங்க. ரெண்டு மூணுக்குள்ள இருந்து, ஓட ஓட கூடாம, மறுநாள் காலைல காணாமப் போனா ஓகே. ரெண்டு காலும் ஒரே மாதிரி சதை வலிச்சாலும் ஓகே. மறுநாளும் அப்படியே இருந்தா அடுத்த ஓட்டத்தை நடையா மாத்துங்க, ஒரு வாரம் பின்னாடி போங்க. நொண்டி நொண்டி ஓட வேண்டி வந்தா மார்க்கே வேணாம், நிறுத்திடுங்க.

காலைல கட்டில்ல இருந்து இறங்கி வைக்கற முதல் அடியில குதிகாலுக்குக் கீழ குத்துதுன்னா அது பாதத்தோட அடி ஜவ்வு, ஓட்டத்தைக் குறைச்சுட்டு வீட்டுக்குள்ளயும் வெறுங்காலோட நடக்கறதை விடுங்க. படி இறங்கும்போது முட்டிச்சில்லு வலிச்சா இறக்கத்தையும் எட்டி வைக்கறதையும் பாருங்க.

ஷின் வலில மட்டும் விரலை வச்சுப் பாருங்க. எலும்பு ஓரமா ஒரு சாண் நீளத்துக்குப் பரவலா வலிச்சா பாரத்தைக் குறைச்சா பெரும்பாலும் அடங்கும். ஒரே ஒரு புள்ளியில, விரல் நுனி அளவு இடத்துல சுரீர்னு இருந்து, அந்தக் கால்ல ஒரு தடவை குதிச்சா வலிச்சு, ராத்திரி சும்மா படுத்திருந்தாலும் வலிச்சா எலும்புல விரிசலா இருக்கலாம். அன்னிக்கே ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க, ஆரம்பத்துல எக்ஸ்ரேல விரிசல் தெரியாமலே போகலாம், அதனால ஃபிலிம் சுத்தமா வந்தும் அந்தப் புள்ளி இன்னும் வலிச்சா அதைத் திரும்ப அவர்கிட்ட சொல்லுங்க. முட்டி வீங்கிட்டாலும், நடக்கும்போதே மடங்கி விழற மாதிரி இருந்தாலும் இதேதான்.